மூன்று வரைபடம், ஒரு சின்ன வீடு: எதைத் தேர்ந்தெடுப்பது?

வாசகியின் கடிதம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்களுக்கு 20-க்கு 30 சைட் இருக்கிறது. கிழக்கே சாலை. வடக்கிலும் மேற்கிலும் பக்கத்து வீட்டுச் சுவர் எல்லையிலேயே நிற்கிறது. நான், கணவர், ஆறாவது படிக்கும் மகள், மாமியார் என நான்கு பேர். இப்போது கீழ்த்தளம் மட்டும் கட்டுகிறோம், மாடி பிறகு. முன்னால் 3 அடி, தெற்கே 3 அடி விட்டு வீடு 17-க்கு 27 வரும் என்று இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறார்.

முதல் படத்தில் இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம், எல்லா அறையிலும் ஜன்னல், அலமாரி. படி தெற்குச் சந்தில். இரண்டாவதில் ஒரே படுக்கையறை, ஒரே பாத்ரூம், ஹாலும் சமையலும் ஒன்றாக, படி வீட்டுக்குள். பின் மூலையில் 'ஓ.டி.எஸ்.' என்று கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. மூன்றாவதில் முன்னால் கார் நிறுத்தும் இடம். எங்களிடம் இரண்டு ஸ்கூட்டர்தான். கணவருக்கு முதல் படம் பிடித்திருக்கிறது. மாமியாருக்கு அடுப்பு தென்கிழக்கில் இருந்தால் போதும். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. இரண்டாவதை எடுத்து, அந்த ஓ.டி.எஸ். இடத்தையும் அறையோடு சேர்த்துக்கொள்ளலாமா?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

ஆலோசனை: ஒரு ஆர்க்கிடெக்ட்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வேண்டாம், அந்த ஓ.டி.எஸ். மூலையைத் தொடாதீர்கள். வானம் பார்க்கத் திறந்து விட்டிருக்கும் அந்தச் சின்ன இடம்தான் உங்கள் வீட்டின் பின்பாதிக்கு மூக்கு. அது ஏன் என்று போகப் போகப் புரியும்.

மூன்றாவது படத்தை இப்போதே ஒதுக்கிவிடலாம். வெளிச்சுவர்களைக் கழித்தால் உங்கள் வீட்டுக்குள் கிடைப்பது 15½ அடிக்கு 25½ அடி, அதாவது ஏறக்குறைய 395 சதுர அடி. ஒரு கார் நிற்க 9-க்கு 16 என்றாலும் 144 சதுர அடி போய்விடும். இரண்டு ஸ்கூட்டருக்காக வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மிச்சம் இரண்டு படம்.

படத்தை நம்புவதற்கு முன் கூட்டிப் பாருங்கள்

போனில் மூன்று படமும் ஒரே அகலத்தில் தெரியும். அதனால் மூன்றும் ஒரே அளவில் வரையப்பட்டவை என்று கண் எடுத்துக்கொள்கிறது. அது அப்படி இல்லை. ஒரு படத்தில் வீட்டைச் சுற்றி வெற்றிடம் அதிகம் விட்டிருப்பார்கள், இன்னொன்றில் ஓரம் வரை வெட்டியிருப்பார்கள். எனவே எந்த அறை பெரிதாகத் தெரிகிறது என்று ஒப்பிடாமல், எழுதியிருக்கும் எண்களைக் கூட்டுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த முதல் படத்தையே எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு படுக்கையறையும் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றும் 8-க்கு 10 என்று எழுதியிருக்கிறது. அகலவாக்கில் 8-ம் 8-ம் 16 அடி. வெளிச்சுவர் இரண்டும் தலா 9 அங்குலம், நடுச்சுவர் பூச்சோடு 5 அங்குலம், ஆக சுவருக்கு மட்டும் 1 அடி 11 அங்குலம். மொத்தம் 17 அடி 11 அங்குலம். ஆனால் வீட்டின் வெளி அகலம் 17 அடிதான்.

நீளவாக்கிலும் இதே கதை. ஹால் 10, நடு இடம் 6, படுக்கையறை 10, ஆக 26. நான்கு சுவருக்கு 2 அடி 4 அங்குலம் சேர்த்தால் 28 அடி 4 அங்குலம். இருப்பது 27. இது இன்ஜினியர் ஏமாற்றுகிறார் என்று பொருள் அல்ல. ஆரம்பக்கட்டப் படங்களில் சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தோ, முழு எண்ணாக்கியோ எழுதுவது வழக்கம். ஆனால் கட்டும்போது அந்த அடிகள் எங்காவது குறைந்தாக வேண்டும். அறைகள்தான் குறையும். உங்கள் 8-க்கு 10 படுக்கையறை நிஜத்தில் ஏறக்குறைய 7½ அடிக்கு 9 அடி.

அடுத்து கட்டிலை அளந்து பாருங்கள். நிஜ குயின் சைஸ் கட்டில் 5 அடிக்கு 6½ அடி. படத்தை அச்செடுத்து ஸ்கேல் வைத்து ஹாலின் 10 அடிப் பக்கத்தை அளங்கள். அது 50 மில்லிமீட்டர் என்றால் ஒரு அடிக்கு 5 மில்லிமீட்டர். அப்போது கட்டிலின் அகலம் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முதல் படத்தில் இதே விகிதத்தில் அது 19-தான் வருகிறது. நான்கு அடிகூட இல்லாத கட்டிலைப் போட்டுத்தான் அந்த அறையில் அலமாரிக்கும் இடம் காட்டியிருக்கிறார்கள். 7½-க்கு 9 அறையில் நிஜக் கட்டிலைப் போட்டால் பக்கவாட்டில் 2½ அடி மிஞ்சும், கால்மாட்டில் 2½ அடி மிஞ்சும். அலமாரி ஆழம் 2 அடி. எந்தப் பக்கம் வைத்தாலும் முன்னால் அரை அடிதான். கதவு திறக்காது, ஆளும் நிற்க முடியாது. ஆக முதல் படத்தில் நீங்கள் பார்க்கும் சேமிப்பு இடம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

ஜன்னல் கோடு எங்கே திறக்கிறது?

எல்லா அறையிலும் ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோடு இருக்கிறது, உண்மைதான். ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் படத்தின் வடமேற்குப் படுக்கையறைக்கு வடக்கும் மேற்கும் எல்லைச் சுவர். மேற்கில் வரைந்திருக்கும் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டுகிறது. வடக்குப் பக்கப் பாத்ரூமுக்கும் அதே நிலை. அந்த அறைக்கும் பாத்ரூமுக்கும் காற்று வர ஒரே வழி கதவுதான், அந்தக் கதவு திறப்பதோ இன்னொரு ஜன்னல் இல்லாத நடு இடத்துக்கு. மழைக்காலத்தில் அந்தப் பாத்ரூமின் ஈரம் போக வழியே இல்லை. இரண்டே வருடத்தில் படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் பூக்கும்.

ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரர் இப்போது தாழ்வாகக் கட்டியிருந்து, எல்லைச் சுவரில் மேலே ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒரு ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்க 20 வருடம் தடையில்லாமல் அதை அனுபவித்திருக்க வேண்டும். புதிதாக வைக்கும் ஜன்னலுக்கு அந்தப் பலம் கிடையாது. அவர் நாளை ஒரு மாடி எழுப்பினால் அது மூடிப்போகும். தவிர, எல்லையிலேயே நிற்கும் சுவரில் ஜன்னலுக்கு அனுமதியும் கிடைக்காது.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு நம்பகமான திறப்பு இரண்டே பக்கம்தான்: கிழக்கே சாலை, தெற்கே 3 அடிச் சந்து. முதல் படம் அந்தச் சந்திலேயே மாடிப்படியை வைக்கிறது. விட்டாக வேண்டிய இடத்தில் படி கட்டினால் அனுமதியில் சிக்கல் வரும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, மிச்சமிருந்த ஒரு பக்கத்து ஜன்னல்களின் மேல் படியின் நிழல் விழும். அந்தப் படத்தை நான் மறுப்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இப்போது இரண்டாவது படம். படுக்கையறை தென்மேற்கில், 10-க்கு 10½. அதன் வடக்கே பாத்ரூம், அதற்குப் பின்னால் மூலையில் ஓ.டி.எஸ்., 5 அடிக்கு 3 அடி. இதை டக்ட் என்றும் சொல்வார்கள். படுக்கையறைக்குத் தெற்கே ஒரு ஜன்னல், வடக்கே டக்டைப் பார்த்து உயரத்தில் இன்னொன்று. காற்று ஒரு அறைக்குள் வர வேண்டுமானால் வெளியே போகவும் ஒரு வழி இருக்க வேண்டும். ஒரே ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் உள்மூலை புழுக்கமாகவே இருக்கும். இங்கே எதிரெதிரே இரண்டு இருக்கிறது. பெங்களூரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வருகிறது. உங்களுக்கு மேற்கு அடைப்பு என்பதால் அந்தக் காற்று நேராகக் கிடைக்காது. டக்டும் தெற்குச் சந்தும் சேர்ந்துதான் அதில் ஒரு பங்கைக் கொடுக்க முடியும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 10 மீட்டர் உயரம் வரையிலான கட்டடத்துக்கு டக்ட் குறைந்தது 1.2 சதுர மீட்டரும், அகலம் 0.9 மீட்டரும் இருக்கச் சொல்கிறது. அது ஏறக்குறைய 13 சதுர அடி. உங்களுடையது 15. அதாவது அதிகப்படியாக விட்ட இடம் இல்லை, தேவையான அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அறையோடு சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பீரோ நிற்கும் இடம். போவது படுக்கையறையின் காற்றும் பாத்ரூமின் காற்றும். மாடி கட்டும்போது மேல் பாத்ரூமின் குழாய்களும் இதன் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

டக்ட் விஷயத்தில் வழக்கமாக நடக்கும் கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். குடிவந்த பிறகு மழைச்சாரல் அடிக்கிறது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். அன்றோடு அது டக்ட் இல்லை, இருட்டு அறை. மேலே கம்பி வலை மட்டும் போடுங்கள். தரையில் சரிவும், தண்ணீர் போக ஜாலியும், சுத்தம் செய்ய ஆள் இறங்க வழியும் இப்போதே படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஜன்னலின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பெங்களூரு போன்ற மிதமான ஊருக்கு, தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 105 சதுர அடிப் படுக்கையறைக்கு 13 சதுர அடி. படத்தில் 4-க்கு 3½ ஜன்னல், 14 சதுர அடி, சரியாகத் தெரியும். ஆனால் அது தள்ளித் திறக்கும் ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும், காற்றுக்கு 7 சதுர அடிதான். கதவு போலத் திறப்பது முழுவதும் திறக்கும், அதைக் கேளுங்கள். வெளிப்பக்கம் திறந்தால் சந்தில் நடப்பவர் தலையில் இடிக்கும் என்பதால் உள்பக்கம் திறக்கும்படி சொல்லுங்கள்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது படி இருக்கும் இடம். ஜன்னலே வைக்க முடியாத வடக்குச் சுவரை ஒட்டி நேராக ஏறுகிறது. அந்தச் சுவரில் வேறு எதை வைத்தாலும் வெளிச்சம் கேட்கும். மாடிக்குப் போகும் வாசல்மேல் ஒரு ஹெட்ரூம் கட்டி, அதில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் வைத்தால், ஹாலின் சூடான காற்று படி வழியாக மேலே போய் வெளியேறும். ஹால் பக்கம் படியை மறைக்கும் சுவரை மேல்வரை எழுப்பாமல் விட்டால்தான் இது நடக்கும்.

நடந்து பார்க்கும் கோடு

அச்செடுத்த படத்தில் ஒரு நாளை பென்சிலால் வரையுங்கள். காலையில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே நீங்கள், பள்ளிக்குக் கிளம்பும் மகள், இரவில் பாத்ரூம் போகும் மாமியார், கை கழுவக் கேட்கும் விருந்தாளி. கோடுகள் எங்கே ஒன்றின்மேல் ஒன்று சேருகின்றன என்று பார்த்தால் வீடு எப்படிப் புழங்கும் என்று தெரிந்துவிடும்.

முதல் படத்தில் எல்லாக் கோடும் நடுவில் இருக்கும் ஒரு சதுரத்தில் சேரும். 5 அடி 8 அங்குலம் சதுரம், 32 சதுர அடி. அதைச் சுற்றி நான்கு கதவு. ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது, ஏனென்றால் எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு கதவை மறிக்கும். 395 சதுர அடி வீட்டில் 32 சதுர அடியை நடப்பதற்கு மட்டும் கொடுக்கிறீர்கள். இரண்டாவது படத்தில் நடைபாதையே கிடையாது. ஹாலும் சமையலும் சேர்ந்து 12-க்கு 14½ அடி ஒரே அறை. படுக்கையறைக் கதவும் பாத்ரூம் வழியும் அதன் ஒரே மூலையில், இரண்டடி இடைவெளியில் இருக்கின்றன. மாமியார் இரவில் எழுந்தால் நாலு எட்டு வைத்தால் போதும். பாத்ரூம் கதவு ஹாலைப் பார்க்காமல் படியின் உயரமான முனைக்குக் கீழே ஒளிந்திருப்பதும் நல்ல ஏற்பாடு. அங்கேயே வாஷ்பேசினை வைத்துவிடுங்கள்.

திறந்த சமையலில் ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நம் தாளிப்பும் மிளகாய் நெடியும் ஹாலெங்கும் போகும். அடுப்பைத் தென்கிழக்கு மூலையில், தெற்கு ஜன்னலை ஒட்டி வைத்து, மேலே புகையை வெளியே தள்ளும் சிம்னி போடுங்கள். வடிகட்டி உள்ளேயே விடும் வகை வேண்டாம். மாமியாரின் ஆசையும் இதில் நிறைவேறிவிடுகிறது.

பொருளுக்கு இடம்

படியின் கீழே கிடைக்கும் இடம்தான் இந்த வீட்டின் ஸ்டோர். தரையிலிருந்து 10 அடி ஏறும் படிக்கு 7½ அங்குல உயரத்தில் 16 ஏற்றம், 10 அங்குலத்தில் 15 படி, 12½ அடி நீளம். வாஷ்பேசினுக்கு விட்டது போக, நடுவில் 5 அடி நீளம், 3 அடி ஆழம், உயரம் 2½ அடியில் தொடங்கி 6¼ அடி வரை. வாஷிங் மெஷின், அரிசி டிரம், தண்ணீர் கேன், கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் போகும். கதவு ஹால் பக்கம் திறக்கும்படி படத்தில் குறித்து வாங்குங்கள். குறிக்காவிட்டால் மேஸ்திரி முழுச் சுவர் கட்டி மூடிவிடுவார். கேஸ் சிலிண்டரை மட்டும் அங்கே வைக்காதீர்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் தரையோடு தேங்கும்.

படுக்கையறையில் ஹால் பக்கச் சுவர் 10 அடி. கதவுக்கு 3 அடி போக 7 அடிக்கு அலமாரி, மேலே கூரை வரை. கட்டிலின் தலைப்பக்கம் மேற்குச் சுவரில் இருந்தால், கால்மாட்டில் 2 அடி மிஞ்சும். அகலமான கதவு அங்கே திறக்காது. ஒன்றரை அடி அகலக் கதவுகளாகவோ, தள்ளும் கதவாகவோ போடுங்கள்.

நான்கு பேருக்கு ஒரு படுக்கையறையா?

உங்கள் கணவரின் தயக்கம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், அது நியாயமானது. மாமியாரும் மகளும் அறையில், நீங்கள் இருவரும் ஹாலில் என்று எத்தனை வருடம் இருப்பது? பாத்ரூமும் ஒன்றுதான். இந்த 395 சதுர அடிக்குள், உங்கள் சைட்டின் இரண்டு பக்கமும் அடைந்திருக்க, காற்றுள்ள இரண்டு படுக்கையறை வராது. முதல் படத்தில் இரண்டு இருப்பதுபோல் தெரிவதற்குக் காரணம், ஒன்றுக்கு ஜன்னல் திறக்கும் வெளிச்சுவர் இல்லாததை அந்தப் படம் காட்டவில்லை என்பதுதான்.

அதனால் நான் சொல்வது இது. இரண்டாவது படத்தை எடுங்கள். மாடி முழுவதையும் பிறகு கட்டிக்கொள்ளலாம். ஆனால் படி ஏறியதும் வரும் ஒரு அறையையும், கீழ்ப் பாத்ரூமுக்கு நேர் மேலே ஒரு பாத்ரூமையும் இப்போதே கட்டக் கணக்குக் கேளுங்கள். அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கும், படி இருக்கும், குழாய் டக்டில் இருக்கும். செலவு கூடும்தான். அது இப்போது முடியவே முடியாது, ஐந்தாறு வருடத்துக்கும் முடியாது என்றால், அந்த வருடங்களை ஹாலில் படுத்துக் கழிக்க முடியுமா என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது. முடியாது என்றாலும் முதல் படத்துக்குப் போகாதீர்கள். கீழ்த்தளத்தின் உள்வேலையைக் குறைத்து, மாடி அறைக்கு முன்னுரிமை கொடுங்கள். டைல்ஸும் அலமாரிக் கதவும் பிறகு வரலாம், ஜன்னல் இல்லாத அறைக்குப் பிறகு ஜன்னல் வைக்க முடியாது.

இன்ஜினியரிடம் இனி படமாக வாங்காமல், எல்லா அளவும் சுவருக்கு உள்ளே அளந்து எழுதிய பி.டி.எஃப். கேளுங்கள். இந்த சைட்டுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பதை மாநகராட்சி அனுமதிக்கும் வரைபடத்தின்படி உறுதி செய்துகொள்ளுங்கள். தெற்கே 3 அடிக்குப் பதில் கூடுதலாக விடச் சொன்னாலோ, வடக்கிலும் மேற்கிலும் விடச் சொன்னாலோ நான் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறும். அப்புறம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்குப் போய், சுண்ணாம்புப் பொடியால் இரண்டாவது படத்தின் அறைகளைத் தரையில் போடுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் 5-க்கு 6½ பாய் விரித்து, மாமியாரைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறது என்று சொல்கிறாரோ அந்த இடத்தில்தான் கதவையோ அலமாரியையோ நகர்த்த வேண்டும்.